மூன்று பேர், நான்கு பேருக்கு ஓட்டல் அறை: தலைக்கு எவ்வளவு ஆகிறது?

மதுரையில் மூன்று இரவு தங்க, அம்மா, நான், மனைவி ஆகிய மூவருக்கும் லண்டனிலிருந்தே ஒரு டபுள் ரூம் போட்டிருந்தேன். மூன்றாவது ஆளுக்கு 'எக்ஸ்ட்ரா பெட்' என்று தொலைபேசியில் சொன்னார்கள், அதற்கான பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். இரவு பதினொரு மணிக்கு வந்தது கட்டில் இல்லை. சுருட்டிய மெத்தை ஒன்றும் ஒரு போர்வையும்தான். மூட்டுவலியோடு இருக்கும் அம்மாவால் தரையிலிருந்து எழ முடியாது. அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, மூன்று இரவும் நான் தரையில் படுத்தேன். அதற்குப் பிறகு, அறை பதியும் முன்பே தலைக்கணக்கும் போடுகிறேன், கேள்விகளும் கேட்கிறேன்.

கணக்கு எளிது. கூடுதல் படுக்கைக்கு வாங்கும் தொகை அறை வாடகையில் பாதிக்குக் கீழே இருந்தால், மூன்று பேர் ஒரே அறையில் தங்கும்போது தலைக்கு ஆகும் செலவு குறையும். பாதியைத் தொட்டுவிட்டால் லாபமே இல்லை, இடநெருக்கடிதான் மிச்சம்.

ஓர் உதாரணம். காலை உணவோடு டபுள் ரூம் 3,200 ரூபாய், கூடுதல் படுக்கை 1,200 என்று வைத்துக்கொள்வோம். 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். இருவர் தங்கினால் வரியோடு 3,360, அதாவது தலைக்கு 1,680. மூவர் தங்கினால் 4,620, தலைக்கு 1,540. ஆளுக்கு 140 ரூபாய் மிச்சம். ஆனால் காலை உணவு பெரும்பாலும் இரண்டு பேருக்கு மட்டும்தான் சேர்த்திருப்பார்கள். மூன்றாவது ஆளின் சாப்பாட்டுக்கு 350 தனியாகப் போட்டால், வரியோடு தலைக்கு 1,662 ஆகிவிடும். 140 என்று நினைத்தது 18 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. அதனால் படுக்கை விலையைக் கேட்கும்போதே, "இதில் டிபனும் சேர்த்தியா?" என்று கேட்டுவிடுங்கள். அதே ஓட்டலில் மூன்று கட்டில் போட்ட ட்ரிபிள் ரூம் 3,900-க்குக் கிடைத்தால், வரியோடு தலைக்கு 1,365. அதை விட்டுவிட்டு எக்ஸ்ட்ரா பெட் வாங்கத் தேவையே இல்லை. ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் இருக்கும் லாட்ஜுகளில் ட்ரிபிள் ரூம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

நான்கு பேர் என்றால் நிலைமை வேறு. டபுள் ரூமில் மூன்று பேருக்கு மேல் பல ஓட்டல்கள் அனுமதிப்பதில்லை. இரண்டு கூடுதல் படுக்கைக்குச் சம்மதித்தாலும் தலைக்கு 1,470 ஆகும், பெட்டியைத் திறந்து வைக்கக்கூட தரையில் இடம் இருக்காது. இரண்டு தனி அறை எடுத்தால் 1,680. ஆளுக்கு 210 ரூபாய்தான் வித்தியாசம். விடியற்காலை தரிசனத்துக்குக் கிளம்பும்போது நான்கு பேரும் ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்பதைவிட, பெரியவர்கள் கூட வந்தால் நான் இரண்டு அறைதான் எடுப்பேன். நான்கு பேருக்கான ஃபேமிலி ரூம் 5,000-க்குக் கிடைத்தால் தலைக்கு 1,312 ஆகும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுவே நல்லது.

கொஞ்சம் உயர்ந்த ஓட்டல் என்றால் வரியையும் பாருங்கள். 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். அறை 6,800, படுக்கை 1,500 என்று இரண்டையும் சேர்த்து 8,300-ஆக பில் போட்டால் மொத்தத்துக்கும் 18 சதவீதம் வரலாம். அப்போது 9,794 ஆகும். 5 சதவீதம் என்றால் 8,715-தான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் என்பதால், வரி எவ்வளவு, எதன் மேல் போடுவார்கள் என்று பதியும் முன்பே கேளுங்கள்.

இணையத்தில் தேடும்போது ஆட்களின் எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள். இரண்டு பெரியவர் என்று போட்டால் விலை குறைவாகத் தெரியும், மூன்றாவது ஆளுக்கு ரிசப்ஷனில் கேட்கும் தொகை அவர்கள் வைத்ததுதான். பிள்ளைகளின் வயதையும் போடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே பல இடங்களில் இலவசம், ஆனால் வயது வரம்பு ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் ஓட்டல்காரர் அவர்களின் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அந்த வேலைக்குப் பயந்து சில சின்ன லாட்ஜுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

பதிந்ததும் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுவது என் பழக்கம்: "மூன்று பெரியவர், மூன்றாவது ஆளுக்குக் கால் வைத்த கட்டில் வேண்டும், தரை மெத்தை வேண்டாம், மூவருக்கும் டிபன், வரியோடு ஒரு இரவுக்கு மொத்தம் எவ்வளவு?" பதிலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, ரிசப்ஷனில் சாவி வாங்கும் முன் அதைக் காட்டுகிறேன்.