பழைய புடவையில் பை, காலி பாட்டிலில் விளக்கு: வார இறுதித் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் விற்ற முதல் பத்துப் பைகளில் மூன்று ஒரே மாதத்தில் திரும்பி வந்தன. மூன்றிலும் தையல் அப்படியே இருந்தது. கைப்பிடியைத் தைத்த இடத்துக்குப் பக்கத்தில், தையலை ஒட்டினாற்போல், துணிதான் கிழிந்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து தைத்தவை அவை. என்ன தவறு செய்தேன் என்று பிரித்துப் பார்த்தபோதுதான், தைப்பதற்கு முன்பே தோற்றுவிட்டேன் என்பது விளங்கியது.

பழைய துணி பார்வைக்கு நன்றாக இருக்கும். அதை நம்பி வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பருத்திப் புடவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைந்துபோவதில்லை. இடுப்பில் செருகும் பகுதியும், தரையில் உரசும் கீழ்க்கரையும் முதலில் போகும். முந்தானை வலுவாக இருந்தாலும் தோளில் ஊசி குத்திய துளைகள் வரிசையாகத் தெரியும். பட்டுப் புடவையென்றால் பல ஆண்டுகள் பீரோவில் மடிந்தே கிடந்த மடிப்புக் கோடுகளில் வெடித்திருக்கும்.

அதனால் புடவையை முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். மெலிந்த இடங்கள் வலைபோலத் தெரியும். அங்கே சுண்ணக்கட்டியால் குறி வையுங்கள். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்துத் துணியை இரு பக்கமும் அழுத்தி இழுங்கள். நூல் அறுபடும் மெல்லிய சத்தம் கேட்டால், அந்தப் பகுதி பைக்கு ஆகாது. ஒட்டுவேலைக்கோ சமையலறைப் பிடிதுணிக்கோ வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சாயம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயமேற்றி விற்றுவிட்ட துணியில் பிறகு உப்பு போட்டு எந்தப் பயனும் இல்லை. ஈரமான வெள்ளைத் துணியால் புடவையின் அடர்நிறப் பகுதியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், அந்தப் புடவையை வெளிர்நிற உள்துணியோடு சேர்க்கவே கூடாது. மழையில் நனைந்த ஒரு பை வாங்கியவரின் சட்டையைக் கறையாக்கினால், அவர் மறுபடி நம்மிடம் வரமாட்டார்.

வெட்டும் திசையும் முக்கியம். புடவையின் நீளவாக்கில் ஓடுவது பாவு நூல். குறுக்கே போவது ஊடை. தறியில் இழுபட்டு நிற்பதற்காகவே பாவு நூல் வலுவாக அமைக்கப்படுகிறது. ஆகவே சுமை தொங்கும் திசையில் பாவு வர வேண்டும். துணி மிச்சமாகிறது என்று குறுக்கே வெட்டியதுதான் என் முதல் பைகளின் இரண்டாவது குறை. கைப்பிடிக்குக் கரையை நீளவாக்கிலேயே எடுத்து, உள்ளே பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றை வைத்துத் தையுங்கள். பையின் வாயோரத்தோடு நிறுத்திவிடாமல், கைப்பிடியை இரண்டு அங்குலமாவது உள்ளே இறக்கி, பின்புறம் ஓர் ஒட்டுத்துணி வைத்து, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைக்க வேண்டும். தையல் மிக நெருக்கமாக இருந்தால் பழைய துணியில் அதுவே துளைவரிசையாகி, தபால்தலைபோலக் கிழியும். என் முதல் பைகளில் நடந்தது அதுதான். இப்போது தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டரில் வைக்கிறேன். தைத்து முடித்த பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு இரவு முழுவதும் ஆணியில் தொங்கவிடுகிறேன். காலையில் கைப்பிடியின் அடியில் நூல் விலகியிருந்தால் அது விற்பனைக்குப் போகாது.

இனி பணம். ‘துணி சும்மா கிடைத்தது, வந்ததெல்லாம் லாபம்’ என்று எண்ணுவதைப்போல நட்டம் தருவது வேறில்லை. ஒரு புடவையை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை மீட்டர் நீளம். கரை நீங்கலாக ஏறக்குறைய 39 அங்குல அகலம். பைக்கு 34 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட துண்டு வேண்டும். அதை அடியில் மடித்துத் தைத்தால் கடைக்குப் போய்வரும் அளவில் ஒரு பை. முழுப் புடவையில் 12 துண்டுகள் கிடைக்கும். நைந்ததைக் கழித்தால் எட்டு மிஞ்சும். பழைய துணிக்கு இரண்டு அடுக்கு தேவை என்பதால் கடைசியில் நான்கு பைகள்தான். துவைத்து, ஃபால்ஸ் பிரித்து, இஸ்திரி போட்டு, வெட்டித் தைத்து முடிக்க எனக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. பைக்கு ஒரு மணி நேரம்.

புடவை உங்கள் வீட்டுடையதே என்றாலும் 80 ரூபாய் என்று நோட்டில் எழுதுங்கள். நாளை அது தீர்ந்து வெளியில் வாங்க வேண்டிவரும். பைக்கு 20 ரூபாய். நூல், மின்சாரம், ஊசி 10. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 80. ஆக அடக்கம் 110 ரூபாய். கடைக்காரர் கால் பங்கு எடுத்துக்கொண்டால், 150 ரூபாய் விலைக்கு உங்கள் கையில் வருவது 112 ரூபாய் 50 காசு. அதே பையை ஐம்பதுக்குக் கொடுத்தால் உங்கள் ஒரு மணி நேர உழைப்பின் விலை 20 ரூபாய்!

மஞ்சப்பையோடு விலையில் போட்டி போடுவதும் இதே தவறுதான். தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்கள் பல ஊர்களில் வந்துவிட்டன. அந்த விலைக்கு நம்மால் தைக்க முடியாது, தைக்கவும் கூடாது. நம்முடைய பையை வாங்குபவர் அந்தக் கரைக்காகவும் உள்பைக்காகவும் வாங்குகிறார். என்னிடம் ஒருவர் தம் அம்மாவின் புடவையையே கொடுத்து, அக்காள் தங்கைகள் நால்வருக்கும் ஆளுக்கொரு பை கேட்டார். அந்த வேலையில் விலை பேசவே இல்லை.

தாம்பூலப் பை ஆர்டரில் எச்சரிக்கை வேண்டும். ‘நூறு பை, எல்லாம் ஒரே நிறத்தில்’ என்றால் பழைய புடவையில் முடியாது. மஞ்சள், ஆரஞ்சு, அரக்கு கலந்து வரும் என்று மூன்று மாதிரிகளைக் காட்டி, ஒப்புக்கொண்ட பிறகே முன்பணம் வாங்குங்கள்.

கண்ணாடி பாட்டிலைப் பொறுத்தவரை, முதல் ஆறு மாதம் அதை வெட்டாதீர்கள் என்பதே என் கருத்து. மண்ணெண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்தித் தண்ணீரில் போடும் முறையில், விரிசல் பல நேரம் நூல் காட்டிய வழியில் போகாது; தீ விபத்துக்கும் இடமுண்டு. வெட்டிய விளிம்பைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் கண்ணாடித் தூள் மூச்சில் போகும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். வெட்டிய பாட்டிலுக்குள் மெழுகுவத்தி ஏற்றினால், சாதாரணக் கண்ணாடி சூடு தாங்காமல் விரிசல் விடலாம். வெட்டாத பாட்டிலுக்குள் எல்இடி சரவிளக்கு போதும். லேபிள் பசையை, சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து எடுத்து, எஞ்சியதைத் தேங்காய் எண்ணெயால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிய பின்பே வண்ணம் பூசுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் தோலாக உரிந்து வரும். மதுக்கடை பாட்டில்களை எடுக்கும் முன் ஒட்டியுள்ள வில்லையைப் பாருங்கள். 2022-இல் நீலகிரியில் தொடங்கிய திட்டப்படி காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் கிடைக்கும். அந்தப் பத்தும் உங்கள் அடக்க விலையில் சேரும்.

கைவினைக்காகப் பால் உறைகளைக் கழுவும்போது மேல்மூலை மடிப்பில் பால் தங்கிவிடும். மூன்று நாளில் நாற்றமெடுக்கும். ஆகவே ஓரங்களை வெட்டி விரித்துவிட்டுக் கழுவுங்கள். அட்டைப்பெட்டியில் செய்ததை ஐப்பசி, கார்த்திகையில் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்காதீர்கள். போன ஆண்டு நான் பரணில் அடுக்கியிருந்த இருபது பரிசுப் பெட்டிகளும் சுவரோரமாக இருந்ததால் ஈரம் ஏறி ஊதிவிட்டன. இப்போது பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகை மேல் வைத்திருக்கிறேன்.