பாஸ்வேர்டு கேட்டால், லொகேஷன் கேட்டால்

ஒருவருடன் பழகிச் சில வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் "பத்திரமா போய்ச் சேர்ந்தியான்னு பார்க்கணும், லைவ் லொகேஷன் போடு" என்று கேட்கிறார். வாட்ஸ்அப்பில் அதை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்றுதான் பகிரலாம். வீடு சேர்ந்ததை அறிய ஒரு மெசேஜே போதுமே! "போனதும் மெசேஜ் போடுறேன், லொகேஷன் யாருக்கும் போடுறதில்ல" என்று சொல்லிப் பாருங்கள். அக்கறையில் கேட்டவர் சரி என்பார். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் தூக்கினால், மறுநாளும் அதையே கேட்டால், அவருக்கு வேண்டியது கண்காணிப்பு. இரவுப் பயணத்தில் பாதுகாப்புக்காகத்தான் என்றால் பழைய நண்பருக்கு அனுப்புங்கள்.

போன் பாஸ்வேர்டைக் கேட்டால் இன்னும் சிக்கல். பாஸ்வேர்டு தெரிந்து, போனும் ஒரு நிமிடம் கையில் கிடைத்தால் அவர் உங்கள் வாட்ஸ்அப்பைத் தன் கணினியில் இணைத்துவிடலாம். அப்புறம் நீங்கள் போன் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த இணைப்பு அறுந்துவிடாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? பாஸ்வேர்டை மாற்றுங்கள், பதிவான கைரேகைகளைப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் Linked devices திறந்து தெரியாத கருவியை வெளியேற்றுங்கள். கூகுள் மேப்ஸில் Location sharing பகுதியையும் பாருங்கள்; அங்கே நிறுத்தும்வரை தொடரும் பகிர்வும் உண்டு. மறுத்தால் அவர் மிரட்டுவார் என்று தோன்றினால், இதையெல்லாம் செய்யுமுன் நம்பகமான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.