காலனி குறைந்தாலும் தட்டு செல்லாது, கூடினாலும் செல்லாது: 25 முதல் 250 வரை எண்ணுவது ஏன்?

பால் மாதிரியில் எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்று பார்க்க, அகார் தட்டில் வளர்த்து, கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக எழும் காலனிகளை எண்ணுகிறோம். முதல் முறை எண்ணுபவருக்கு ஒரு குழப்பம் கட்டாயம் வரும். ஆறு தட்டுகளை இன்குபேட்டரில் வைத்து இரண்டு நாள் காத்திருந்து எடுத்தால், நான்கை ஒதுக்கிவிட்டு இரண்டை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கும் அது உறுத்தியது. 900 காலனி உள்ள தட்டை பேனாவால் புள்ளி வைத்து முழுதாக எண்ணி முடித்த பிறகு, அந்த எண் வேண்டாம் என்றார்கள். அதிகம் எண்ணினால் துல்லியமும் அதிகம்தானே என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்பதை ஒரு கறந்த பால் மாதிரியை வைத்தே பார்ப்போம்.

தட்டு போடுவது

பாலை நேரடியாகத் தட்டில் ஊற்றினால் எண்ணவே முடியாது. அதனால் படிப்படியாக நீர்க்க வைக்கிறோம். 1 மி.லி. பாலை, கிருமி நீக்கிய 9 மி.லி. நீர்ப்புத் திரவத்தில் கலந்தால் பத்தில் ஒரு பங்கு. நன்றாகக் குலுக்கி, புதிய பிப்பெட்டில் அதிலிருந்து 1 மி.லி. எடுத்து அடுத்த 9 மி.லி.யில் விட்டால் நூறில் ஒரு பங்கு. இப்படியே ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று வரை போகிறோம். பிப்பெட்டை மாற்றாமல் விட்டால், சுவரில் ஒட்டிய பாக்டீரியா அடுத்த குழாய்க்குப் போய்க் கணக்கைக் கெடுக்கும்.

நூறு, ஆயிரம், பத்தாயிரம் ஆகிய மூன்று நீர்ப்புகளிலிருந்தும் இரண்டு தட்டுகளுக்கு 1 மி.லி. வீதம் விட்டு, 45 டிகிரிக்கு ஆறிய அகாரை 12 முதல் 15 மி.லி. வரை ஊற்றி, சுழற்றிக் கலக்கி இறுக விடுகிறோம். பிறகு 35 டிகிரியில் 48 மணி நேரம். இது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நுண்ணுயிர் ஆய்வுக் கையேட்டில் உள்ள முறை. 25 முதல் 250 என்ற வரம்பும் அதில் உள்ளதுதான்.

நம் மாதிரியில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்:

```
1:100      940   890
1:1000     186   172
1:10000     21    14
```

ஒவ்வொரு தட்டையும் தனியாகக் கணக்கிட்டு, 1 மி.லி. பாலில் எத்தனை என்று பார்த்தால், மேல் வரிசை 94,000, 89,000 என்கிறது. நடு வரிசை 1,86,000, 1,72,000. கீழ் வரிசை 2,10,000, 1,40,000. ஒரே பால்தான். ஆனால் மேல் வரிசை மற்றவற்றில் பாதியளவே சொல்கிறது. கீழ் வரிசையின் இரண்டு தட்டுகளோ ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்கின்றன. இந்த இரண்டும் ஒரே வகைக் கோளாறு இல்லை.

குறைவாக வந்த தட்டு

பாயசத்தைக் கரண்டியால் மொண்டு கிண்ணங்களில் ஊற்றும்போது ஒருவருக்கு மூன்று முந்திரி விழும், அடுத்தவருக்கு ஆறு விழும். பரிமாறியவர் மேல் தவறு இல்லை. முந்திரி அங்கங்கே கிடப்பதால் கரண்டிக்குள் எத்தனை வரும் என்பது வாய்ப்பைப் பொறுத்தது. பாக்டீரியாவும் அப்படித்தான். ஒரே குழாயிலிருந்து 1 மி.லி.யை இரண்டு முறை எடுத்தாலும் அதே எண்ணிக்கை வராது.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்கும் என்பதைப் பாய்சான் பரவல் சொல்கிறது. எண்ணிய காலனியின் வர்க்கமூலம்தான் தோராயமான பிழை. 100 காலனி என்றால் பிழை 10, அதாவது 10 சதவீதம். 25 என்றால் 5, அதாவது 20 சதவீதம். 4 என்றால் 2, அது 50 சதவீதம். தட்டில் 4 காலனி பார்த்தால், அங்கே சராசரியாக விழ வேண்டியது 1 முதல் 10 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது. அதைப் பத்தாயிரத்தால் பெருக்கி 40,000 என்று எழுதினால், அந்த ஊசலாட்டமும் சேர்ந்தே பெருகுகிறது. எண் மட்டும் உறுதியானதுபோலத் தெரியும்.

இன்னொன்று. காற்றிலிருந்தோ கையிலிருந்தோ ஒரே ஒரு அந்நிய பாக்டீரியா விழுந்தால், 180 காலனி உள்ள தட்டில் அது தெரியவே தெரியாது. 4 காலனி உள்ள தட்டில் அது கால் பங்கு.

ஆனால் குறைந்த தட்டின் பிழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது இரண்டு பக்கமும் ஆடும். நம் 21, 14 தட்டுகள் தனித்தனியே விலகி நின்றாலும், சராசரி 17.5. அதைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் 1,75,000; நடு வரிசையோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. இதனால்தான் ஐ.எஸ்.ஓ. 7218 தரநிலை கீழ் வரம்பை 10 என்று தளர்த்தி, தட்டுகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. 25 என்பது இயற்கை விதி இல்லை. எவ்வளவு ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்வது என்று மனிதர்கள் போட்ட கோடு.

அதிகமாக வந்த தட்டு

இங்கே கோளாறு வேறு. ஒரு காலனி என்பது ஒரு செல்லோ ஒட்டியிருந்த சில செல்களோ விழுந்த இடத்தில் வளர்ந்த குவியல். (பாலில் சங்கிலியாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கும், ஒரு முழுச் சங்கிலி ஒரே காலனியாக எழும். அதனால்தான் "பாக்டீரியா எண்ணிக்கை" என்று எழுதாமல் காலனி உருவாக்கும் அலகு என்று எழுதுகிறோம்.) இரண்டு செல்கள் மிக நெருக்கமாக விழுந்தால், வளர்ந்தபின் இரண்டும் ஒன்றாகிவிடும். நம் கண்ணுக்கு ஒரு காலனிதான்.

இது எவ்வளவு நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணத் தட்டின் உள்விட்டம் சுமார் 86 மி.மீ. என்றும், மையங்கள் 1 மி.மீ.க்குள் இருந்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்றும் வைத்துக்கொள்வோம். 50 காலனி விழுந்தால் இப்படி ஒட்டிக்கொள்ளும் ஜோடி சராசரியாக ஒன்றுகூட இல்லை. 250 விழுந்தால் சுமார் 17 ஜோடி. 1,000 விழுந்தால் சுமார் 270. காலனி நான்கு மடங்கு ஆனால் ஒட்டும் ஜோடி பதினாறு மடங்கு ஆகிறது, ஏனென்றால் ஜோடிகள் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு வளர்கின்றன.

இந்த 250 இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 250இல் வாய்ப்பால் வரும் பிழை 6 சதவீதம். ஒட்டிக்கொள்வதால் இழப்பது 17, அதாவது 7 சதவீதம். ஏறக்குறைய அதுவரை அதிகம் எண்ண எண்ண லாபம்; அதற்கு மேல் எண்ணினால் குறைகிற பிழையைவிடக் கூடுகிற பிழை பெரிது. என் பாதி சரியான நினைப்பு இங்கேதான் உடைந்தது. தட்டு அளவும் காலனி அளவும் மாறினால் இந்த இடமும் மாறும். பூஞ்சைக் காலனி பெரிதாகப் பரவும் என்பதால்தான் அதே அமெரிக்கக் கையேடு ஈஸ்ட், பூஞ்சைக்கு 10 முதல் 150 வரை மட்டும் எண்ணச் சொல்கிறது.

ஒட்டுவது மட்டும் இல்லை. நெருக்கமாக விதைத்த நாற்றங்காலில் சில நாற்று சோகையாகவே நிற்குமே, அதே கதை. நெரிசலில் உணவு பங்கிடப்படுகிறது. முன்னே வளர்ந்தவை வெளிவிடும் அமிலம் பின்னே வருபவற்றை அடக்குகிறது. சில காலனிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளராமலே நின்றுவிடும். அதோடு எண்ணுபவரின் களைப்பு. 900 புள்ளி வைக்கும்போது எதை எண்ணினோம், எதை விட்டோம் என்பது மறந்துபோகும்.

இந்தப் பிழைகள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் போகும்: குறைவாகக் காட்டும். 940, 890 இரண்டும் அழகாக ஒத்துப்போவதைப் பாருங்கள். அந்த ஒற்றுமையை நம்பக் கூடாது. நடு வரிசையின்படி அந்தத் தட்டுகள் ஒவ்வொன்றிலும் 1,790 இருந்திருக்க வேண்டும். பத்துத் தட்டு போட்டுச் சராசரி எடுத்தாலும் இந்தக் குறை சரியாகாது.

எண்ணும் முன் ஒரு சோதனை

பத்து மடங்கு நீர்த்தால் காலனியும் ஏறக்குறைய பத்து மடங்கு குறைய வேண்டும். நடு வரிசையின் சராசரி 179, கீழ் வரிசை 17.5. சரி. மேல் வரிசையிலிருந்து நடு வரிசைக்கு 915இலிருந்து 179, அதாவது ஐந்து மடங்குதான். காரணம் நெரிசல்.

ஒருவேளை மேல் வரிசையில் காலனிகள் தள்ளித் தள்ளி, குறைவாக இருந்தும் விகிதம் பத்துக்குக் கீழே வந்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்: பாலில் ஆன்டிபயாடிக் போன்ற தடுப்புப் பொருள் இருக்கலாம். நீர்க்க நீர்க்க அதன் வலு குறைவதால் அடுத்த வரிசையில் பாக்டீரியா நன்றாக முளைக்கும்.

கணக்கு

வரம்புக்குள் உள்ளவை நடு வரிசைத் தட்டுகள் இரண்டும்தான்.

```
(186 + 172) / (2 × 0.001) = 1,79,000
```

இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கி, 1 மி.லி.க்கு 1,80,000 என்று எழுதுகிறோம். மூன்றாவது இலக்கத்தையும் எழுதினால் நம்மிடம் இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகிவிடும். ஐ.எஸ்.ஓ. வழியில் கீழ் வரிசையையும் சேர்த்தால், அந்த இரண்டு தட்டிலும் பத்தில் ஒரு பங்கு பால்தான் என்பதால் 2க்குப் பதில் 2 + 0.2 = 2.2 வரும்:

```
(186 + 172 + 21 + 14) / (2.2 × 0.001) = 1,78,636
```

அதுவும் 1,80,000தான். ஆறு தட்டையும் போட்டுச் சராசரி எடுத்திருந்தால் 1,48,500 வந்திருக்கும். நெரிசல் தட்டுகள் அவ்வளவு கீழே இழுத்திருக்கின்றன.

எந்தத் தட்டும் வரம்புக்குள் வராவிட்டால்

ஒதுக்குவது என்றால் தட்டைத் தூக்கிப் போடுவது இல்லை. பார்த்த எண்ணைப் பதிவேட்டில் அப்படியே எழுத வேண்டும். அறிக்கையில்தான் வேறு மாதிரி. 1:100 தட்டுகளில் 18, 11 வந்து அதற்கு மேல் நீர்த்தவற்றில் இன்னும் குறைவு என்றால், 25ஐ நூறால் பெருக்கி "2,500க்குக் குறைவு, மதிப்பீடு" என்று எழுதுகிறோம். எல்லாத் தட்டும் 250ஐத் தாண்டிவிட்டால் 250க்கு மிக அருகில் உள்ள நீர்ப்பை எடுத்துக் கணக்கிட்டு, அதையும் மதிப்பீடு என்று குறிக்கிறோம். மாதிரி குளிரில் சரியாக இருந்தாலும் மறுநாள் அதே பாலில் மறுபடி தட்டு போட்டு முதல் நாள் எண்ணை மாற்றக் கூடாது, இடையில் பாக்டீரியா பெருகியிருக்கலாம். புதிய மாதிரி வாங்கி, இந்த முறை லட்சத்தில் ஒரு பங்கு வரை நீர்த்துத் தட்டு போட வேண்டும்.