கடைக் கணக்குக்கு மாதக் கட்டணம் பேசும் முன்

சின்னக் கடைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எழுதித் தருகிறீர்களா? "எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கடைசி 3 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை வாங்கி, அதில் எத்தனை பதிவுகள் என்று எண்ணுங்கள். மாதம் 150 பதிவு, ஒரே வங்கிக் கணக்கு, பில்கள் 5ஆம் தேதிக்குள், அறிக்கை 12ஆம் தேதி என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பழைய நிலுவைக் கணக்கு தனி வேலை, தனிக் கட்டணம்.

கார்டு மெஷின் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். நான் அதிகம் பார்த்த தப்பு இங்கேதான். 10,000க்கு விற்றால், கமிஷன் 200 போக 9,800 தான் வங்கிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளவுட் மென்பொருள் வங்கியிலிருந்து அந்த 9,800ஐ இழுத்துக் காட்டும். அதையே விற்பனை என்று ஏற்றுக்கொண்டால் வங்கி இருப்பு அழகாகப் பொருந்தும், ஆனால் விற்பனை 200 குறைந்திருக்கும், கமிஷன் செலவு எங்குமே இருக்காது. கடையின் தினசரி விற்பனைத் தொகையோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். 10,000 விற்பனை, 200 செலவு என்று பிரித்துப் போடுங்கள். இதற்கு ஆகும் நேரத்தையும் மாதக் கட்டணத்தில் சேர்த்தே கேளுங்கள்.