சில்லறை விற்பனைச் சங்கிலியை Z மதிப்பெண்ணால் எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்வர்ட் ஆல்ட்மன் 1968-இல் வெளியிட்ட Z மதிப்பெண், ஐந்து நிதி விகிதங்களுக்கு வெவ்வேறு எடை கொடுத்துக் கூட்டி, ஒரு நிறுவனம் திவாலாகும் வாய்ப்பை அளவிடுகிறது.

```
Z = 1.2*X1 + 1.4*X2 + 3.3*X3 + 0.6*X4 + 1.0*X5
```

நடைமுறை மூலதனம், தக்கவைத்த இலாபம், வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபம், விற்பனை ஆகியவற்றை மொத்தச் சொத்தால் வகுத்தால் முறையே X1, X2, X3, X5 கிடைக்கும். பங்குகளின் சந்தை மதிப்பை மொத்தக் கடன் பொறுப்புகளால் வகுத்தால் X4. விடை 1.81-க்குக் கீழே இருந்தால் ஆபத்து, 2.99-க்கு மேலே இருந்தால் பாதுகாப்பு, இடைப்பட்டது ஐயத்துக்குரியது.

முதல் தவறு, இந்தச் சூத்திரத்தை அப்படியே கடைச் சங்கிலிக்குப் பொருத்துவது. ஆல்ட்மன் எடுத்துக்கொண்ட 66 நிறுவனங்களும் உற்பத்தித் துறையைச் சேர்ந்தவை. கடைகளிலோ சரக்கு விரைவாகக் கைமாறுவதால், சொத்தோடு ஒப்பிட விற்பனை இயல்பாகவே மிகுந்திருக்கும்.

கற்பனையாக ஒரு துணிக்கடைச் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அதன் சொத்து 1,000, பொறுப்புகள் 850, விற்பனை 2,400, நடைமுறை மூலதனம் 20, தக்கவைத்த இலாபம் 50, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபம் 10, பங்குகளின் சந்தை மதிப்பு 170. இவற்றுக்கு Z ஏறக்குறைய 2.65 வரும், அதில் 2.40 விற்பனை விகிதத்திலிருந்து மட்டுமே வந்தது. மற்ற நான்கும் சேர்ந்து தருவது கால் புள்ளிதான்.

இதற்காகத்தான் விற்பனையை விட்டுவிட்டு, சந்தை மதிப்புக்குப் பதிலாகப் பங்கு மூலதனத்தின் ஏட்டு மதிப்பைக் கொள்ளும் வடிவத்தை ஆல்ட்மன் பின்னர் தந்தார்.

```
Z'' = 6.56*X1 + 3.26*X2 + 6.72*X3 + 1.05*X4
```

இதன் ஆபத்து எல்லை 1.1, அதே சங்கிலி இங்கே 0.55 மட்டுமே பெறுகிறது. இரு வடிவங்களின் எல்லைகளை மாற்றிப் பொருத்துவதும் அடிக்கடி நடக்கும் பிழை.

இரண்டாவது தவறு, சரக்கிருப்பின் ஏட்டு மதிப்பை அப்படியே நம்புவது. நடைமுறை மூலதனத்துக்குள் விற்காத பழைய துணியும் அடங்கியிருக்கிறது. அதில் 60 மதிப்புள்ள சரக்கு இனி விலைபோகாது என்று கழித்துவிட்டால் நடைமுறை மூலதனம் −40 ஆகிறது, ஆண்டின் 10 இலாபம் 50 அளவு நட்டமாக மாறுகிறது, Z'' −0.56-க்கு வீழ்கிறது. மூல Z-யோ, சந்தை மதிப்பு மாறாதவரை, 2.43-க்கு மட்டுமே இறங்கும்; சொத்து குறைந்ததால் விற்பனை விகிதம் ஏறி, நட்டத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. ஆகவே எண்ணைக் கணக்கிடும் முன் சரக்கின் வயதைக் கேட்க வேண்டும். சரக்கிருப்பு விற்பனையைவிட வேகமாக வளர்ந்திருந்தால் ஐயப்பட வேண்டும்.

குத்தகைக் கடைகள் மிகுந்த சங்கிலிகளில் ஆண்டுகளை ஒப்பிடுவதற்கும் இதே எச்சரிக்கை தேவை. 2019-இல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற பன்னாட்டுக் கணக்கியல் விதி, பெரும்பாலான குத்தகைகளைச் சொத்தாகவும் பொறுப்பாகவும் இருப்புநிலைக் குறிப்புக்குள் கொண்டுவந்தது. மேற்கண்ட சங்கிலியில் 600 மதிப்புள்ள குத்தகை இவ்வாறு சேர்ந்தால், ஒரு கடைகூட மூடப்படாத நிலையிலும் விற்பனை விகிதம் 2.4-இலிருந்து 1.5-க்கு இறங்கும். அந்தச் சரிவைத் தொழிலின் சரிவாகப் படிக்காமல், முந்தைய ஆண்டுகளின் குத்தகைப் பொறுப்பையும் மதிப்பிட்டுச் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.