மாடித் தண்ணீர்த் தொட்டி: லிட்டர் கணக்கிலும் கான்கிரீட் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கான்கிரீட் தொட்டிக்கு உள் அளவு, வெளி அளவு என இரண்டு உண்டு. எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதை உள் அளவு சொல்லும். எவ்வளவு கான்கிரீட் வேண்டும், மாடி எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதை வெளி அளவும் சுவர்க் கனமும் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன. மதுரையில் வழக்கமாகக் காணும் ஒரு மாடி வீட்டையே எடுத்துக்கொள்வோம்: கீழே வீட்டுக்காரர் குடும்பம் 5 பேர், மேலே வாடகைக்கு 4 பேர், தொட்டி மாடிப்படி ஹெட்ரூமுக்கு மேல்.

நாலு நாள் தண்ணீரையும் மாடியில் ஏற்றுவது

கழிப்பறைக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கட்டடக் கணக்கில் வழக்கமாகப் போடும் அளவு. 9 பேருக்கு 1,215 லிட்டர். செடிக்கும், வண்டி கழுவவும், ஒரு வேளை கரண்ட் இல்லாமல் போனால் சமாளிக்கவும் சேர்த்து 1,500 லிட்டர் போதும்.

"தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காதான் வருது, தொட்டிய அஞ்சாயிரம் லிட்டரா கட்டிருவோம்" என்பார்கள். மாநகராட்சித் தண்ணீர் விட்டுவிட்டு வரும் தெருவில் நாலு நாள் இருப்பு வேண்டியதுதான். ஆனால் அதற்கு இடம் தரைக்குக் கீழே சம்ப். 4,860 லிட்டர் சம்பில் கிடக்கட்டும், மாடியில் ஒரு நாள் தண்ணீர் இருந்தால் போதும். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்தால் மோட்டாரை ஒரு தடவை கூடப் போடலாம். வருஷத்தில் பத்து நாள் கூட்டத்துக்காகத் தொட்டியைப் பெரிதாக்கினால் வருஷம் முழுக்க அந்தப் பாரத்தை வீடுதான் சுமக்கும்.

வெளி அளவை லிட்டராக எண்ணுவது

1.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் தண்ணீர் உயரம் என்றால் 1.5 கன மீட்டர், அதாவது 1,500 லிட்டர். இது உள் அளவாக இருந்தால் மட்டுமே சரி. கொத்தனாரிடம் "அஞ்சடிக்கு மூணேகால்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அவர் வெளிப்பக்க சென்ட்ரிங்கை அந்த அளவுக்கு அடித்துவிடக்கூடும். சுவர் 12.5 செ.மீ. கனம். இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 1.25 மீட்டருக்கு 0.75 மீட்டர்தான் மிஞ்சும். அதே 1 மீட்டர் தண்ணீருக்கு 937 லிட்டர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது!

உயரத்திலும் இதே கவனம் வேண்டும். வெளியே போகும் பைப்பின் வாய் தொட்டியின் உள்தரையிலிருந்து 5 செ.மீ. மேலே இருக்க வேண்டும், வண்டல் பைப்புக்குள் போகாமல் இருக்க. ஓவர்புளோ பைப் மேல் ஸ்லாபுக்கு 15 செ.மீ. கீழே. இந்த இரண்டு வாய்களுக்கும் இடையில் உள்ள உயரம்தான் உங்கள் தண்ணீர். ஆகவே 1 மீட்டர் கிடைக்க உள் உயரம் 1.2 மீட்டர் வேண்டும். உள்பூச்சு 12 மி.மீ. ஏறினால் இன்னும் சுமார் 60 லிட்டர் குறையும். நம் கணக்கில் அதற்கு இடம் இருக்கிறது.

கம்பி கட்டி முடித்ததும் உள்பக்க சென்ட்ரிங் பலகைகளின் வெளிமுகத்தில் டேப்பை வையுங்கள். அந்த முகம்தான் நாளைக்குத் தொட்டியின் உள்சுவர். அங்கே 1.5, 1.0 வராவிட்டால் கான்கிரீட் போட விடாதீர்கள்.

மூலையை இரண்டு தடவை எண்ணுவது, ஜல்லியின் இடைவெளியை மறப்பது

வெளி அளவு இப்போது 1.75 மீட்டருக்கு 1.25. அடி ஸ்லாப் 15 செ.மீ. கனத்தில் 0.328 கன மீட்டர். மேல் ஸ்லாப் 10 செ.மீ. கனத்தில், ஆள் இறங்க 60 செ.மீ. சதுர வாயைக் கழித்து 0.183.

சுவரில்தான் கணக்கு பிசகும். வெளிச்சுற்று 6 மீட்டரை எடுத்துப் பெருக்கினால் நாலு மூலையும் இரண்டு தடவை சேர்ந்துவிடும்; உள்சுற்று 5 மீட்டரை எடுத்தால் மூலைகள் விட்டுப்போகும். சுவரின் நடுக்கோட்டைப் பிடிக்க வேண்டும்: 1.625 + 1.125 = 2.75, இருமடங்கு 5.5 மீட்டர். அதை 0.125-ஆலும் 1.2-ஆலும் பெருக்கினால் 0.825 கன மீட்டர். மூன்றும் சேர்த்து 1.336, சேதாரத்துக்கு 5 சதவீதம் போட்டால் 1.4 கன மீட்டர், ஏறக்குறைய 50 கன அடி.

இது போட்டு முடித்த கான்கிரீட்டின் அளவு. சிமெண்டும் மணலும் ஜல்லியின் இடைவெளிக்குள் இறங்கிவிடும் என்பதால், உலர்ந்த சரக்கு இதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக, 1.54 மடங்கு வேண்டும்: 2.16 கன மீட்டர். 1:1½:3 கலவைக்கு 11 மூட்டைக்குச் சற்று மேல் சிமெண்ட், கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக எம்-சாண்ட், அரை யூனிட்டுக்குக் குறைவாக முக்கால் இஞ்ச் ஜல்லி. 12 மூட்டையாக இறக்கிவிடுங்கள். 1.54-ஐ மறந்தால் ஏழரை மூட்டை என்று வரும். சுவர் பாதி ஏறியதும் சிமெண்ட் தீரும், ஆள் கடைக்கு ஓடுவார், அதற்குள் போட்டது இறுகிவிடும். அந்த மட்டத்தில் பின்னால் வெளிப்பக்கம் கிடைமட்டமாக ஈரக்கோடு தெரியும், சில மாதத்தில் அதில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பூசி மறைத்தாலும் கசிவு நிற்காது, உள்ளே கம்பி துருப்பிடிக்கும்.

"தொட்டிதானே, சிமெண்டக் கூடப் போடு" என்று 1:1:2-க்குப் போவதும் சரியில்லை. கன மீட்டருக்கு 550 கிலோ சிமெண்ட் ஆகிவிடும். தண்ணீர்த் தொட்டிகளுக்கான ஐ.எஸ். 3370 விதி 400 கிலோவை மேல்வரம்பாக வைக்கிறது, காரணம் சிமெண்ட் கூடினால் சுருக்கம் கூடி மயிரிழை விரிசல் விடும். மேலே சொன்ன மூட்டைக் கணக்கு சரக்கு இறக்குவதற்கானது; தொட்டிக்கு எம்-25 தரத்துக்குக் குறையாத கலவையை இன்ஜினியர் எடையில் எழுதித் தர வேண்டும். தண்ணீர் மூட்டைக்கு 22 முதல் 25 லிட்டர், ஈர மணலில் இருப்பதையும் சேர்த்து. குடத்தால் கண்டபடி ஊற்றினால் வேறு எதைச் சரியாகச் செய்தும் தொட்டி கசியும்.

தண்ணீர் எடையை மட்டும் பார்ப்பது

1,500 லிட்டர் ஒன்றரை டன் என்று எல்லோருக்கும் தெரியும். தொட்டியின் எடையை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. 1.336 கன மீட்டர் கான்கிரீட், கன மீட்டருக்கு 2.5 டன் வீதம் 3.3 டன். பைப் வாய்க்குக் கீழே தேங்கும் 5 செ.மீ. தண்ணீரையும் சேர்த்தால் நிறைந்த தொட்டி ஏறக்குறைய 4.9 டன், சுமப்பது 2.2 சதுர மீட்டர் இடம். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்றுதான் கணக்குப் போடுவார்கள். இங்கே வருவது 2,200 கிலோ. நாலு அங்குல ஹெட்ரூம் ஸ்லாபின் நடுவில் இதை உட்கார வைக்கக் கூடாது. தொட்டியின் அடி ஸ்லாப் பீம்களில் அமர வேண்டும், பீம் தூணுக்கோ, அஸ்திவாரம் வரை இறங்கும் ஒன்பது அங்குலச் சுவருக்கோ பாரத்தைக் கடத்த வேண்டும். பழைய வீட்டின் மேல் புதிதாகக் கட்டுவதென்றால், அந்தச் சுவர் கீழ்த்தளத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா, நடுவில் எங்காவது வாசலுக்காக உடைத்திருக்கிறார்களா என்று முதலில் கீழே இறங்கிப் பாருங்கள். உடைத்திருந்தால் தொட்டியின் இடத்தை மாற்றுங்கள்.