வாபஸ் வாங்கினால் வராது, எழுதினால் வரும்: ரயில்வே தேர்வுக் கட்டணத்தில் கோட்டைவிடும் இடங்கள்

அரசுத் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு மனம் மாறியவர்கள், விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினால் கட்டணம் கைக்கு வந்துவிடும் என்றே நம்புகிறார்கள். வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். அறிவிப்பில், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடியாது, பணமும் வராது, அதை அடுத்த தேர்வுக்கு வரவு வைக்கவும் முடியாது என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கும். எஸ்.எஸ்.சி.யிலும் கட்டிய 100 ரூபாய் போனது போனதுதான். யு.பி.எஸ்.சி. 2019ஆம் ஆண்டின் பொறியியல் பணித் தேர்விலிருந்து வாபஸ் வசதியைக் கொண்டுவந்தது. செல்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் வரும் ஓ.டி.பி.யைப் போட்டு விலக வேண்டும். விலகிய விண்ணப்பத்தை மீட்க முடியாது, பணமும் திரும்பாது. எல்லா ஆண்டும் எல்லாத் தேர்வுக்கும் இந்த வசதி இருப்பதில்லை. சிவில் சர்வீஸில் அது இல்லையே என்று கலங்கவும் வேண்டாம். முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளாவது எழுதினால்தான் ஒரு வாய்ப்பு கழியும், போகாமல் இருந்தால் கழியாது.

ரயில்வேயில் கணக்கே தலைகீழ். அங்கே முதல் கட்ட கணினித் தேர்வை எழுதியவருக்குத்தான் பணம் திரும்பும். பொதுக் கட்டணம் 500 ரூபாய். எழுதினால் 400 திரும்பும். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர் முதலியோருக்கு 250. எழுதினால் முழுதும் திரும்பும். இரண்டிலும் வங்கிச் செலவு பிடிப்பார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலோ, தேர்வுக்குப் போகாவிட்டாலோ ஒன்றும் வராது.

மும்பைத் தமிழர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தாராவியில் இருக்கும் ஓ.பி.சி. இளைஞர் ஒருவர் மும்பை ரயில்வே தேர்வு வாரியத்தைத் தேர்ந்து, ரயில்வேயின் என்.டி.பி.சி. தேர்வுக்கு 500 கட்டுகிறார் என்று வையுங்கள். பிறகு, 'வேலை சென்னைப் பக்கம் கிடைத்தால் நல்லதாயிற்றே' என்று தோன்றுகிறது. திருத்தப் பக்கத்துக்குப் போனால் ஒவ்வொரு முறைக்கும் 250 ரூபாய் கேட்கும், ஆனால் வாரியத்தை மாற்ற விடாது. அந்த 250 திரும்பவும் வராது. சரி, பழையது கிடக்கட்டும் என்று வேறொரு மின்னஞ்சலில் சென்னை வாரியத்துக்குப் புதிதாக விண்ணப்பித்தால் அதுதான் பெரிய தப்பு. ஒரே அறிவிப்புக்கு இரண்டு விண்ணப்பம் போட்டால் இரண்டுமே நிராகரிக்கப்படும், தடையும் வரலாம். அதன்பின் கட்டிய 1,000 ரூபாயில் ஒரு காசு திரும்பாது. மும்பை விண்ணப்பத்தையே வைத்துக்கொண்டு, கேள்வித்தாளுக்குத் தமிழைத் தேர்ந்து எழுதிவிட்டு வந்தால் நிகரச் செலவு 100 ரூபாயும் வங்கிச் செலவும்தான்.

இதே இளைஞர் 250 கட்டணத்துக்கு ஆசைப்பட்டு ஈ.பி.சி. என்று குறித்தாலும் சிக்கல்தான். ரயில்வே சொல்லும் ஈ.பி.சி. என்பது குடும்ப ஆண்டு வருமானம் 50,000 ரூபாய்க்குக் கீழே இருப்போர். ஓ.பி.சி. வேறு, ஈ.டபிள்யூ.எஸ். வேறு. பி.சி. சான்றிதழை நீட்டினால் செல்லாது, வருமானச் சான்றிதழ்தான் வேண்டும்.

தேர்வெழுதியும் பணம் வரவில்லை என்றால் முதலில் வங்கி விவரத்தைப் பாருங்கள். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தவர்கள் கடைக்காரரின் கணக்கெண்ணைப் போட்டுவிடுவது உண்டு. பணம் அங்கேதான் போகும். அடுத்தது வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. எண். அதில் 11 எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம். கையெழுத்தைப் பார்த்துத் தட்டுகிறவர்கள் அதை ஆங்கில ஓ என்று போட்டுவிடுகிறார்கள். வீட்டிலிருக்கும் பழைய பாஸ்புக்கை அப்படியே நம்பவும் வேண்டாம். சிண்டிகேட் வங்கி 2020இல் கனரா வங்கியோடு சேர்ந்தது. பாஸ்புக்கில் SYNB0 என்று தொடங்கும் எண் இருந்தால், CNRB0 என்று தொடங்கும் புதிய எண்ணைக் கிளையில் கேட்டு வாங்குங்கள். தேர்வு முடிந்தபின் வங்கி விவரத்தைச் சரிபார்க்க வாரியங்கள் இணைப்புத் திறந்ததுண்டு. அது குறிப்பிட்ட நாட்களே இருக்கும். அதனால் பதிவு எண்ணையும் கடவுச்சொல்லையும் தேர்வோடு தூக்கிப் போடாதீர்கள்.

கட்டணம் திரும்புவதும் பரிவர்த்தனை தோற்றுப் பணம் திரும்புவதும் வேறு வேறு. யு.பி.ஐ.யில் பணம் பிடிபட்டு, தளத்தில் 'கட்டணம் செலுத்தப்படவில்லை' என்றே நின்றால் தேர்வு வாரியத்தைத் துரத்த வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி ஐந்து நாளுக்குள் பணம் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியில் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். கடைசி நாள் நெருங்கியிருந்தால் அந்தப் பணத்துக்காகக் காத்திருக்காமல், தளத்தில் நிலையை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி கட்டிவிடுங்கள்.